தங்கள் கீழ்ப்படிந்துள்ள ஊழியன்

திருவிடந்தைக்கு மேற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து கொல்லைமேடு தொடங்கும் இடத்தில் செங்கல்வராயன் குடியிருந்தான். அவனைப் போன்ற சந்தேகப் பிராணியை அந்த வட்டாரம் பார்த்ததில்லை. எதிரே வருகிறவன் சிரித்தால் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். பந்தியில் இரண்டாம் முறை பாயசம் ஊற்ற வந்தால், எதற்கு இவ்வளவு உபசாரம் என்று இலையை மூடிவிடுவான். பெண் பார்க்கப் போன இடத்தில், இவள்தானா கட்டிக்கொடுக்கப் போகிற பெண் என்று சபையில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். அந்தப் பெண்தான் காசியம்மாள். அந்தக் கேள்வியை அவள் இன்னும் மறக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை. அவன் அப்பனை ஒருவன் வாய்க்கு வாய் 'நைனா, நைனா' என்று கூப்பிட்டுக் கைரேகை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த மழைக்குள் நன்செய் கைவிட்டுப் போயிற்று. திட்டி அடித்துப் பிடுங்கியிருந்தால் அப்பன் திருப்பி அடித்திருப்பான். மரியாதை கொடுத்துப் பிடுங்கினதால் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அன்றிலிருந்து மரியாதை என்றாலே செங்கல்வராயன் இரண்டடி தள்ளி நிற்பான்.

மிச்சம் இருந்தது ஒரு மேட்டு நிலம். அதுவும் சர்க்கார் புறம்போக்கு. முள்ளை வெட்டி, கிணறு தோண்டி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டு அதை நிலமாக்கியவர்கள் அவனும் காசியம்மாளும். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆன பிறகு, இப்படிப்பட்ட நிலங்களுக்குப் பட்டா கொடுப்பதற்கென்றே செங்கல்பட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தில் தனி தாசில்தார் ஆபீஸ் ஒன்றைத் திறந்தார்கள். செங்கல்வராயன் மனுப் போட்டான். பக்கத்து நிலத்துக்காரனும் பங்காளியுமான முனிசாமியும், அந்த மேடு தன் அனுபவத்தில் இருப்பதாக ஒரு மனுவைத் தட்டிவிட்டான். பட்டா முனிசாமிக்குப் போனால் செங்கல்வராயன் கூலிக்குத்தான் போக வேண்டும்.

இந்த நிலைமையில்தான் அந்தத் தபால் வந்தது.

செங்கல்வராயனுக்கு அச்செழுத்து கூட்டிக் கூட்டி வரும். கையெழுத்து வராது. பெருமாள் கோயிலில் கணக்கு எழுதும் வேதாந்தத்திடம் எடுத்துக்கொண்டு போனான். வேதாந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"அன்புள்ள ஐயா, தாங்கள் அன்புடன் அனுப்பிய மனு கிடைக்கப் பெற்றேன். வருகிற புதன்கிழமை விசாரணைக்குத் தாங்கள் வருகை தரும்படி வேண்டிக்கொள்கிறேன். ஐயா, தங்கள் மிகவும் கீழ்ப்படிந்துள்ள ஊழியனாக இருக்கும் கௌரவத்தை உடையேன். ஸ்ரீனிவாசராகவன், தனி தாசில்தார்."

செங்கல்வராயன் காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

"சாமி, கடைசில இன்னா சொன்னீங்க? யாரு யாருக்கு ஊழியன்?" என்றான் செங்கல்வராயன்.

"தாசில்தார் உனக்கு."

"எனக்கா?"

வேதாந்தம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிதம் எழுதுவதில் அந்த ஊரில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. "இதோ பாரு செங்கல்வராயா. எங்காத்துல பெரியவாளுக்கு எழுதினா, 'அடியேன் தண்டம் சமர்ப்பித்த விஞ்ஞாபனம்'னு ஆரம்பிப்போம். சின்னவாளுக்கு 'ஆசீர்வாதம்'. சர்க்காருக்கு நாம எழுதினா 'கனம் தாசில்தார் சமூகத்துக்கு'ன்னு போட்டு, அடியில தாழ்மையான விண்ணப்பம்னு முடிக்கணும். சர்க்கார் நமக்கு எழுதினா மேலயும் ஒண்ணும் கிடையாது, கீழயும் ஒண்ணும் கிடையாது. 'இன்னாருக்கு இதனால் அறிவிக்கப்படுவது, ஆஜராகத் தவறினால்'னு மிரட்டல்தான். இது கீழேருந்து மேலே போற தோரணை. மேலேருந்து கீழே வந்திருக்கு. நான் பார்த்ததில்லேப்பா."

"முத்திரை கீதே சாமி."

"இருக்கு. அதுக்கு மேல நான் சொல்றதுக்கில்லை."

செங்கல்வராயனுக்கு இது போதும். திரும்பி வரும் வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டான். ரப்பர் முத்திரை சந்தையில் செய்து தருகிறார்கள். புதன்கிழமை இவன் செங்கல்பட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முனிசாமி இங்கே மல்லாட்டையைப் பிடுங்கிவிட்டு, ஏரோட்டி, அனுபவம் என்னுடையது என்பான். அப்பனை 'நைனா' என்று கூப்பிட்ட அதே வேலை. இப்போது 'ஐயா' போட்டு வந்திருக்கிறது.

காசியம்மாள் அப்படி நினைக்கவில்லை. "ஒருத்தரு மருவாதியா எழுதிக்கீறாரு. போய்ட்டுதான் வாயேன். நெலத்த நா பாத்துக்கினு இருக்கேன்" என்றாள்.

"உனுக்கு ஒண்ணும் தெரியாது. எனுக்கு எவன் ஊழியன்? ஒரு தாசில்தாரு எனுக்கு ஊழியன்னா அவன் தாசில்தாரே இல்ல."

புதன்கிழமை பொழுது விடிவதற்குள் தடியோடு போய்க் கிணற்றுமேட்டில் உட்கார்ந்துவிட்டான். முனிசாமி வெள்ளை வேட்டியும் புதுத் துண்டுமாகத் திருப்போரூர்ப் பாதையில் பஸ்ஸுக்கு நடந்து போவதைக் கண்ணால் பார்த்தான். பார்த்தும் நம்பவில்லை. தோப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வருவான் என்று அந்தத் திசையையே வெயிலில் முறைத்துக்கொண்டிருந்தான். வந்தது ஒரு கன்றுக்குட்டி.

சாயங்காலம் முனிசாமி வந்த வழியே திரும்பி வந்தான். "இன்னா அண்ணாத்த, ஆபீஸ் பக்கம் உன்னக் காணோம்? பேரச் சொல்லி மூணு வாட்டி கூப்ட்டாங்க" என்று சிரித்துவிட்டுப் போனான்.

செங்கல்வராயன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது. வீட்டுக்குள் போய்க் காசியம்மாள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

மறுநாள் காலை, காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனான். ஆபீசில் அவனை உட்காரச் சொன்னது உலகநாதன் என்கிற குமாஸ்தா ஒருத்தன்தான். ஒல்லியான ஆள், வேலைக்குப் புதிது. கடிதத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "நான் எழுதினதுதான். நேத்து ஏங்க வரல?" என்றான்.

முகம் மலர்ந்ததைக் கண்டதும் செங்கல்வராயனுக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது. "உன்கிட்ட பேச்சு இல்ல. தாசில்தாரக் கூப்டு" என்றான்.

தாசில்தார் ஸ்ரீனிவாசராகவன் உள்ளே இருந்தார். "கூப்பிட்ட அன்னிக்கு வரலை. எதிர்மனுதாரருக்கு உத்தரவு எழுதப் போறேன். போகலாம்" என்றார்.

"நீங்க கூப்ட்டீங்கன்னு எனுக்கு எப்டி சாமி தெரியும்? இந்தக் காயிதத்துல நீங்க எனுக்கு ஊழியன்னு போட்டுக்கீது. எவனோ திருட்டுப் பய எழுதிக்கீறான்னு இருந்துட்டேன்."

தாசில்தார் கடிதத்தை வாங்கினார். மேலிருந்து கீழே வந்தார். கடைசி வரியில் கண் நின்றது. அதன் அடியில் அவருடைய கையெழுத்து, சுழியெல்லாம் சுத்தமாக. அன்றைக்கு வந்த காகிதக் கட்டோடு சேர்த்துப் படிக்காமல் போட்டுத் தள்ளியது. கதவோரம் நின்ற சேவகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"உலகநாதன்" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் குமாஸ்தா ஓடி வந்தான். "இது என்ன? என்னைக் கேலி பண்றயா? யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்லைங்க சார். இனிமே ஜனங்களுக்குத் தமிழ்லயே எழுதணும்னு உத்தரவு வந்துதுங்களே. பழைய இங்கிலீஷ் நகலைப் பார்த்து அப்படியே தமிழ்ப்படுத்தினேன். 'யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வெண்ட்'னு எத்தனையோ வருஷமா நீங்க கையெழுத்துப் போட்டதுதாங்க சார்."

"அது கலெக்டருக்கு. வக்கீலுக்கு. பெரிய மிராசுதாருக்கு. இவனுக்கெல்லாம் வெறும் நோட்டீஸ். உனக்கு ஆள் தராதரம் தெரியாதா?"

"உத்தரவுல எல்லாருக்கும்னு இருந்துதுங்க" என்றான் உலகநாதன், சன்னமாக.

செங்கல்வராயன் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மூளை மெதுவாகத்தான் ஓடும், ஆனால் நிற்காது. "அப்போ இங்கிலீசுல நீங்க ஊழியனா இருந்தது நெசந்தானா? எங்களுக்குப் புரியாததால சொன்னீங்களா?" என்று கேட்டான்.

தாசில்தார் பேனாவை எடுத்தார். "உத்தரவு எழுதத்தான் போறேன், வெளியே போ" என்றார்.

"சரி சாமி. நா ஏன் வரலன்னு எழுதிக்கோங்க. தாசில்தாரு எனுக்குக் கீழ்ப்படிஞ்ச ஊழியன்னு கையெழுத்துப் போட்டிருந்தாரு, அத்த நா நம்பல, அதான் வரலன்னு வாக்குமூலம் எழுதிக்கோங்க. ரேகை வெக்கிறேன். நாளிக்கி நா அப்பீலு போனா, பெரிய தொரைங்க படிச்சுப் பாக்கட்டும்."

அதை அவன் விஷமமாகச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி காகிதத்தில் ஏற வேண்டும் என்பதுதான் அவன் கவலை. ஆனால் அந்த வாக்கியம் கலெக்டர் ஆபீசில் மேசை மேசையாகப் போய், ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிரிப்பு எழும்புவதைத் தாசில்தார் அங்கேயே கேட்டுவிட்டார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் அவர் நெற்றி வியர்த்தது. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார்.

"உத்தரவு இன்னும் எழுதலை. மறுபடி விசாரணை வெக்கறேன். நோட்டீஸ் வரும். இந்தக் கடுதாசியை வெச்சுட்டுப் போ."

"நோட்டீசு வரட்டும் சாமி, அப்பால தரேன்" என்று சொல்லி, தாசில்தார் ஆட்டிக் காட்டிய காகிதத்தை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

நோட்டீஸ் வந்தது. 'செங்கல்வராயன் என்பவனுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்' என்று தொடங்கி, 'தவறினால் மனு தள்ளுபடியாகும்' என்று முடிந்தது. வேதாந்தம் படிக்கப் படிக்க அவன் முகம் தெளிந்தது. "இதான் சர்க்காரு" என்றான். முதல் ஆளாக ஆஜரானான். கிராமக் கணக்கில் வருஷா வருஷம் பயிர் வைத்தவன் பெயர் அவன் பெயராகவே இருந்தது. முனிசாமியிடம் காட்ட எதுவும் இல்லை. நிலம் செங்கல்வராயனுக்கு ஆயிற்று.

சொன்ன வாக்குப்படி முதல் கடிதத்தைக் கொடுக்கப் போனபோது, அவனை உட்காரச் சொன்ன ஆளை அந்த நாற்காலியில் காணவில்லை. சேவகனிடம் விசாரித்தான். உலகநாதனை மதுராந்தகம் பக்கம் மாற்றிவிட்டதாகவும், பழைய கட்டுகளுக்கு நூல் கோக்கிற வேலை கொடுத்திருப்பதாகவும், இனி கடிதம் எழுத விட மாட்டார்கள் என்றும் சேவகன் சொன்னான்.

அன்று சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு காசியம்மாளிடம் இதைச் சொன்னான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்ன ஐயான்னு எழுதினது அந்த ஒரு ஆளுதான். அவரப் போயி திருட்டுப் பயன்னு சொல்லிட்டு வந்துக்கீற" என்றாள்.

அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். பட்டா கையில் இருக்கும்போது இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவன் நினைக்கவில்லை. மறுநாள் வேதாந்தத்திடம் போய், அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றான்.

வேதாந்தத்துக்குச் சிக்கல் வந்துவிட்டது. "வயசுல சின்னவன், உத்தியோகத்துல பெரியவன். ஆசீர்வாதமா, சமூகமா? எப்படி ஆரம்பிக்கிறது?"

"அவரு எனுக்கு எழுதினாப்பலயே எழுதுங்க சாமி. மேல அன்புள்ள ஐயா. கீழ அதே ஊழியன். அத்தினியும் போடுங்க."

"அடியிலே அப்படியேவா? நன்னா யோசிச்சியா?"

"அவரு யோசிச்சுத்தானே போட்டாரு."

கடிதம் போயிற்று. ஒரு மழை போய் அடுத்த விதைப்பும் வந்தது, பதில் வரவில்லை. தபால்காரன் அந்தப் பக்கம் வந்தால் செங்கல்வராயன் கிணற்றுமேட்டிலிருந்து எழுந்து நிற்பான். வந்தவன் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவான். ஒருநாள், இன்னும் ஏன் பார்க்கிறாய் என்று காசியம்மாள் கேட்டாள்.

"வராது" என்றான் செங்கல்வராயன். "எவனோ தன்ன வம்புக்கு இழுக்கிறான்னு அவரு நெனச்சிருப்பாரு. நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."