பூசைக்கு மறுநாள் ஓடிய பெல்ட்

வெள்ளைக்கல் ஆலையின் ஃபிட்டர் அங்கமுத்துவுக்கு மூக்குமேல் கோபம். ஆயுத பூசைக்கு மறுநாள், கல்லைச் சுமந்து செல்லும் இரண்டாம் நம்பர் பெல்ட்டின் உருளையை மாற்ற வேண்டியிருந்தது. அவர் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, பூட்டுப் போட்டு, தன் பெயரெழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். கூட்டாளி சடையனும் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் பெல்ட்டுக்கடியில் குனிந்தான்.

"எட்டி நில்லுடா! ஓட்டிப் பாக்காம எவனும் உள்ள போகக்கூடாது."

"அதான் பூட்டியாச்சுங்களேண்ணா, எப்படிங்க ஓடும்?"

சடையன் விலகி நின்றதும் அங்கமுத்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். பெல்ட் தடதடவென்று ஓடியது.

உடனே நிறுத்தினார். இருவரும் சுவிட்சுகளைப் போய்ப் பார்த்தார்கள். பூசைக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் சுவிட்சுகளின் நம்பர் தகடுகளை மாற்றி மாட்டியிருந்தார்கள்.

சரியான சுவிட்சை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, பூட்டையும் அட்டையையும் அதற்கு மாற்றி, பொத்தானை அழுத்தினார்கள். பெல்ட் அசையவில்லை. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் எடைக்கும் முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே போனார்கள்.

வேலை முடிந்தது. முட்டுக்கட்டையையும் சாமான்களையும் எடுத்து, காப்பு வலையை மாட்டி, ஆட்களை ஒதுக்கிவிட்டு, அங்கமுத்து தன் பூட்டைக் கழற்றினார். அடுத்தது சடையனின் பூட்டு. அவன் சாவியோடு மறுபடி குனிந்தான்.

"இருங்கண்ணா, அடியில இன்னொருக்கா பாத்துக்கறேன்."

மேலே கல் லோடு காத்துக்கிடந்தது. வேலையில் தாமதம் செய்த ஒருவனை அங்கமுத்து திட்டாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான்.