கழுத்தை மறைத்த மஃப்ளர்

கிழக்கே கோட்டைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துவது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பேசக் கூச்சம் என்பதால், வருகிறவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிடுவேன். மனசுக்குள் திட்டிக்கொள்வேன்.

அன்று ஒரு பெண்ணை அவளுடைய தாய்மாமன் அழைத்து வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படத்தில் அவள் கழுத்துக்குக் குறுக்கே மெல்லிய தழும்பு தெரிந்தது. தைராய்டு ஆபரேஷன் செய்த தழும்பு. அதை அழித்துவிடலாமே என்றேன். அழித்தால் நேரில் பார்க்கும்போது பொய் சொன்னதாகிவிடுமாம். மஃப்ளர் போட்டால் பொய் இல்லையாம். நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

"பொன்முடி மலைக்குப் போனப்போ எடுத்த படம் மாதிரி ஒரு மஃப்ளர் போடும், அண்ணாச்சி. முடி அதுமேல இயற்கையா விழணும் கேட்டோ" என்றார் மாமா.

அதற்கு முன் தன் போனில் ஏதோ ஆப்பில் அவரே போட்டுப் பார்த்திருந்தார். கூந்தலையும் சேர்த்துச் சுற்றி, சாக்கு மூட்டைக்குக் கயிறு கட்டியதுபோல் இருந்தது அது.

நான் கணினியில் மஃப்ளரை, வேண்டாமென்றால் எடுத்துவிடக்கூடிய தனி அடுக்காக வைத்தேன். முன்பக்கம் விழுந்த கூந்தலை மூலப்படத்திலிருந்து நகலெடுத்து அதன் மேலே கொண்டுவந்தேன். பின்பக்க முடியை மஃப்ளருக்கு உள்ளேயே விட்டேன். ஓரத்தில் இழை இழையாக முடி வரைந்து, அதன் அடியில் லேசான நிழல் கொடுத்தேன். நிழல் இல்லாவிட்டால் முடி ஒட்டவைத்ததுபோல் மிதக்கும். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சற்று நேரத்தில் பையனின் அம்மா கூப்பிட்டார். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"பிள்ளைக்குத் தொண்டையில என்ன அசுகம்?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேர்த்து ஊற்றுகிற இந்த ஊரில் மஃப்ளர் கட்டுகிறவர் யார்? இருமல்காரரும் ராத்திரி வாட்ச்மேனும்தான். வியாதியை மறைக்கப் போய், மாமா வியாதிக்கே விளம்பரப் பலகை மாட்டிவிட்டார். பொன்முடி, குளிர் என்று என்னவோ உளறினார்.

பெண் போனை வாங்கிக்கொண்டாள்.

"தைராய்டு ஆபரேஷன் பண்ணினதுதாம்மா. இப்போ சுகமா இருக்கேன். தழும்பு மட்டும் இருக்கு. அத மூடினது மாமா."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். மஃப்ளர் அடுக்கை எடுத்துவிட்டேன். கூந்தல் அப்படியே இருந்தது, கழுத்தும் தழும்பும் வெளியே வந்தன. அந்தப் படத்தை அவளே அனுப்பினாள். பிறகு துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதில் வரும்வரை மாமா என் வேலையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். மஃப்ளரின் நிறம்தான் சரியில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறோம் என்று பதில் வந்தது. பெண்ணின் விரல் துப்பட்டாவை விட்டது.

"உள்ளதச் சொன்னா ஒரு கொழப்பமும் இல்ல. நான் அப்பவே சொன்னேன்லா" என்றார் மாமா.

நான் தலையாட்டினேன்.