கிரயம் பெறுபவர் யார்?

போடியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று நாற்காலி. என் எழுத்தில் யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இது ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் சொல்வதில்லை. சொன்னவள் ஒருத்திதான்.

பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி. தினமும் காலை ஜீப்பில் மலையேறி, ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். இருபது வருடம் பிரித்த காசைச் சேர்த்து, ஊரோரம் ஒரு ஏக்கர் கிணற்றுத் தோட்டத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். விற்பவர் எழுபது தாண்டிய பெரியவர், அதே ஊர். மீதியை ஆறு மாதத்தில் கொடுத்துக் கிரயம் முடிப்பதாகப் பேச்சு. கிரய ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன். பதிவும் ஆகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ் நகலோடு வந்து நின்றாள். தாள் முழுக்கப் பென்சில் கோடு. சில வார்த்தைக்கு அடியில் ஒற்றைக் கோடு, சில வார்த்தைக்கு அடியில் இரட்டைக் கோடு.

"அண்ணே, ஒரு சந்தேகம். வாங்குபவர்னா நான்தானே?"

"பின்ன? மொதப் பக்கத்துலயே உன் பேரப் போட்டு, இனிமே இந்தப் பத்திரத்துல வாங்குபவர்னு சொல்றது இவரத்தான்னு எழுதியிருக்கேனே."

"அப்ப இந்தக் கிரயம் பெறுபவர் யாரு?"

"அதுவும் நீதான். ரெண்டும் ஒண்ணுதான். போயி சோலியப் பாரு ஆத்தா."

அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான்தான்னு எங்கண்ணே எழுதியிருக்கு? ஒத்தைக் கோடு போட்டதெல்லாம் வாங்குபவர். அட்வான்ஸ் குடுத்தது அவரு. மீதியக் குடுக்க வேண்டியதும் அவரு. கெடு தப்புனா அட்வான்ஸ இழக்கிறதும் அவருதான். ரெட்டைக் கோடு போட்டது கிரயம் பெறுபவர். தோட்டத்து மோட்டார் ரூம் சாவிய வாங்குறது அவரு. பத்திரம் எழுதிக் குடுக்கிறதும் அவருக்குத்தான். காசு பூராம் நான் குடுக்கணும், தோட்டம் இன்னொருத்தருக்கா?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை வருடமாக எழுதுகிறேன், ஏலக்காய் பொறுக்குகிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா! தாளை வெடுக்கென்று பிடுங்கிப் படித்தேன். ஒருமுறை படித்ததும் வேர்த்துவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் சரி.

எப்படி நடந்தது என்பதும் எனக்கு உடனே விளங்கியது. எங்கள் தொழிலில் யாரும் வெள்ளைத் தாளிலிருந்து எழுதத் தொடங்குவதில்லை. பழைய பத்திரத்தைத் திறந்து, பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றுவோம். இவளுக்கு முன்பக்கத்தை ஒரு பழைய ஒப்பந்தத்திலிருந்தும், நிபந்தனைகளை இன்னொன்றிலிருந்தும் எடுத்திருந்தேன். அந்த இன்னொன்று மலைமேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்துக்கு எழுதியது. அதில் பணம் கொடுத்தவர் அப்பா, பத்திரம் மகன் பெயரில். அப்பா வாங்குபவர், மகன் கிரயம் பெறுபவர் என்று இருவரையும் முதல் பக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். இங்கே அந்த முதல் பக்கத்தை விட்டுவிட்டேன், மகன் மட்டும் நிபந்தனைகளோடு கூடவே வந்துவிட்டான். பதிவுக்கு முன் எல்லோருக்கும் படித்துக் காட்டவில்லையா என்றால், காட்டினேன். சர்வே எண், நான்கு எல்லை, தொகை. நிபந்தனையை எவன் படிக்கிறான்?

கோர்ட்டுக்குப் போனால் நீதிபதி முழுசாகப் படித்துவிட்டு இருவரும் ஒரே ஆள்தான் என்று சொல்லக்கூடும். ஆனால் அந்தத் தீர்ப்பு வரும்வரை இவள் வாய்தாவுக்கு அலைய வேண்டும். பெரியவரிடமோ, வெளியூர்ப் பார்ட்டி ஒன்று பண்ணை வீடு கட்ட அதே நிலத்தைக் கூடுதல் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சை முன்னின்று நடத்தியவர் அவருடைய மருமகன். இந்த ஓட்டை அவர் கண்ணில் பட்டால் போதும்.

"எப்படி ஆத்தா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். இப்போது என் குரல் இறங்கியிருந்தது.

"என் பேரு போட்ட மொதக் காகிதம்ணே இது. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை படிப்பேன். நல்ல காயோட வேற ரகம் கலந்திருந்தா கை நின்னுரும்ல, அந்த மாதிரி நின்னுருச்சு."

வழி ஒன்றுதான். பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதில் பெரியவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மாட்டேன் என்றால் இவள் கதி அதோகதி.

நான் ஒரு யோசனை சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "எழுத்துப்பிழைன்னு மட்டும் சொல்லுவோம். வெரசா கையெழுத்த வாங்கிருவோம். நீ வாயத் தொறக்காத."

"வேணாம்ணே. என்ன பிழைன்னு சொல்லித்தான் வாங்கணும்."

"சொன்னா போடாமப் போயிருவாரு. அந்தப் பார்ட்டி கூடக் கேக்குறது தெரியுமா உனக்கு?"

"ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? அவருக்குத் தெரியாம வாங்குன கையெழுத்த வச்சுக்கிட்டு நான் அந்தக் கிணத்துல எப்படித் தண்ணி எறைப்பேன்?"

சரிதான், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த வாரமே பெரியவர் மருமகனோடு வந்தார். அவளும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள். "அப்பு, பத்திரத்துல தப்பு இருக்கு. இப்ப இருக்கிறபடி பாத்தா, எனக்குத்தான் எழுதித் தரணும்னு உங்களக் கட்டாயப்படுத்துறது கஷ்டம். இந்தத் திருத்தல் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா அந்தப் பேச்சுக்கே எடமில்ல. யோசிச்சுப் போடுங்க."

மருமகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மாமா, எந்திரிங்க. வக்கீலப் பாத்துட்டு வருவோம்."

பெரியவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏப்பா, என்கிட்ட வெலை பேசுனது ஒரு ஆளு. அட்வான்ஸ் குடுத்தது ஒரு ஆளு. நீ ஏன் ரெண்டு ஆளா எழுதுன?"

"தப்பு என்னோடதுதான்" என்றேன். ஒரு கட்சிக்காரர் முன்னால் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

"மாமா, கூட எம்புட்டுக் கெடைக்கும்னு..."

"சும்மா இருங்க மாப்ளே. தப்பு எனக்குச் சாதகமா இருக்குன்னு தெரிஞ்சும் வந்து சொல்லுது இந்தப் புள்ள. அதுக்கிட்ட நான் பேச்சு மாறவா?"

திருத்தல் பத்திரத்தைப் படித்துக் காட்ட நான் கையில் எடுத்தேன். பெரியவர் தடுத்தார். "நீ படிக்காத. ஒருவாட்டி நீ படிச்சது போதும். ஆத்தா, நீ படி."

அவள் படித்தாள். நிதானமாக, ஒரு வார்த்தையையும் விடாமல். இன்ன பத்தி, இன்ன வரி, கிரயம் பெறுபவர் என்று வரும் இடங்களிலெல்லாம் வாங்குபவர் என்றே திருத்தி வாசிக்க வேண்டியது என்பதை நான் எழுதியதைவிட நன்றாகவே படித்தாள். என் மேசையில் என் பத்திரத்தை இன்னொருவர் படிக்க, நான் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கோபம் வரவில்லை. இவள் கால் தூசுக்கு நான் ஆக மாட்டேன் என்றுதான் தோன்றியது.

படித்து முடித்ததும் பெரியவர் கேட்டார்: "அந்த ரெண்டாவது ஆளு போயிட்டானா?"

"போயிட்டான் அப்பு. இப்ப நான் மட்டுந்தான்."

"அப்பப் பேனாவக் கொண்டா."

ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றவள், அவர் பேனாவை வைத்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.