பதினேழாம் முத்திரை

பாதுகாப்பு ஷூ தயாரிக்கும் தொழிற்சாலையில் எங்கள் அக்காவுக்கு வேலையே கட்டைவிரலால் அழுத்துவதுதான். குதிகாலைப் பிடித்திருக்கும் பின்பக்கத்தை அழுத்துவாள். அமுங்கினால் அந்த ஜோடி கழிவென்று அன்றே வெட்டிப் போடப்படும். அமுங்காவிட்டால் உள்ளே பதினேழு என்று தன் முத்திரையைக் குத்துவாள். பதினோரு வருஷமாக அவள் விரலுக்குத் தப்பிய ஜோடி கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஆறு மாதமாக அவள் குதிகாலுக்குப் பின்னால், தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில், வீக்கமும் வலியும். பிசியோதெரபிஸ்ட் அவள் வேலைக்குப் போடும் ஷூவைத்தான் முதலில் பார்த்தார்.

"பின்பக்கம் கல்லு மாதிரி இருக்கும்மா. ஒவ்வொரு அடிக்கும் இதோட விளிம்பு அதே இடத்துல அழுத்தித் தேய்க்குது. மெத்துன்னு இருக்கறதா போடுங்க."

வேலைத்தளத்தில் கம்பெனி ஷூவைத் தவிர வேறெதுவும் போடக்கூடாது. மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

"சார், பின்பக்கம் மெத்துன்னு ஒரு ஜோடி இருந்தா குடுங்களேன்."

அவர் சிரித்துவிட்டார். "அந்த மாதிரி இங்க எப்படிம்மா மிஞ்சும்? எல்லாத்தையும் நீங்கதானே தூக்கிப் போடறீங்க!"

புது ஜோடி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே பதினேழு.

அக்கா பழக்கதோஷத்தில் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கொஞ்சம்கூட அமுங்கவில்லை.