இடதுபக்க வரிசை

பழவங்காடியில் ஒரு மாடியில் இயங்கிய கம்ப்யூட்டர் சென்டரில் காலை பேட்ச் எனக்கு. மாலை பேட்ச், நாகர்கோவிலிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவளுக்கு. அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். நான் போர்டு நிறைய எழுதினால் கொட்டாவி விடும் என் பிள்ளைகள், சாயங்காலம் அவள் வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஆள் குறைந்துபோனதால் இரண்டு பேட்சையும் ஒன்றாக்கப் போவதாகச் சென்டர் முதலாளி சொன்னார். ஒரு டீச்சர் போதும், இன்னொருத்தி ஆபீசில் உட்கார வேண்டும். யார் என்று தீர்மானிக்க, இரண்டு பேட்சையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி, எங்கள் இருவரையும் சேர்ந்து பாடம் எடுக்கச் சொல்லி, அவரே வகுப்புக்கு வந்தார். அன்றைய பாடம், ஏற்கெனவே வரிசைப்படுத்திய இரண்டு பட்டியல்களை ஒன்றாகச் சேர்ப்பது.

"போர்டு வேண்டாம் அக்கா, பிள்ளைகளையே நிறுத்திருவோம்" என்றாள் அவள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

வராந்தாவில் இடதுபக்கம் என் பிள்ளைகள், வலதுபக்கம் அவள் பிள்ளைகள். இரண்டிலும் குட்டையானவர் முன்னால், நெட்டையானவர் பின்னால். முன்னால் நிற்கும் இருவரை மட்டும் முதுகோடு முதுகு நிறுத்தி, குட்டையானவரைப் புது வரிசையின் கடைசிக்கு அனுப்பினாள். மற்றவர் அங்கேயே நிற்க, போனவருக்குப் பின்னால் இருந்தவர் முன்னே வந்தார். "பின்னால நிக்கவங்களை ஏன் பார்க்க வேண்டாம்?" என்று கேட்டாள். "அவங்க எப்படியும் முன்னால உள்ளவங்களைவிடக் குட்டை இல்லல்லோ மிஸ்ஸே!" என்று கத்தினது என் பிள்ளை. என்னிடம் ஒருநாளும் வாய் திறக்காதவன்.

எங்கேயாவது சொதப்ப மாட்டாளா என்று காத்திருந்தேன். இருவர் ஒரே உயரமாக வந்து நின்றார்கள். அவள் யோசிப்பதற்குள், "சமமா இருந்தா இடதுபக்கம் முதல்ல. கடைசிவரை அதே விதி" என்றேன். விதி சரிதான். என் பிள்ளை முந்த வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

பிறகு அவள் வரிசை காலியானது. என் பக்கம் நெட்டையர்கள் சிலர் மிச்சம்.

"எதிர்ல ஆளில்லல்லோ மிஸ்ஸே, இனி யாருகூட அளக்கணும்?" என்று கேட்டார்கள். அவளிடம். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"யாருகூடயும் வேண்டாம். நீங்க ஏற்கெனவே வரிசையாத்தானே நிக்கீங்க, அப்படியே வந்து கடைசியில சேருங்க."

சேர்ந்தார்கள். குட்டையிலிருந்து நெட்டைவரை, ஒரே வரிசை.

முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். "அக்காவே எடுக்கட்டும் சார்" என்றாள் அவள். "ஒரே உயரமா வந்தப்போ விதி சொன்னது அக்காதான்." அவர் தலையாட்டினார். வகுப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. அதையும் அவள்தான் கொடுக்க வேண்டியிருந்தது என்பதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து, என் நெட்டைப் பிள்ளைகள் நின்ற இடத்திலிருந்து, "அய்யோ, அப்ப சாயங்கால மிஸ் எடுக்க மாட்டாங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.