ஐந்துக்கு ஆறு

பழுகாமத்துப் புஸ்பம் கொழும்புக் கசினோவில் சீட்டுப் போடுகிறாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஹோட்டல் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் ஊர் வாய் சும்மா இருக்குமா? எனக்குத் தெரியும்; நானும் அந்தப் பக்கத்துத் தன்னாமுனைக்காரன், அங்கே நாலு மேசைக்கு மேற்பார்வை.

2007ஆம் ஆண்டு. பழுகாமம் இருக்கும் படுவான்கரையில் ஷெல் விழுந்து அவளுடைய தாயும் தம்பிமாரும் முகாமில் கிடந்தார்கள். அவள் அனுப்புவதில்தான் அவர்களுக்குச் சோறு. அவள் கொழும்பில் இருப்பதற்கோ கசினோ வருடா வருடம் புதுப்பித்துக் கொடுக்கும் வேலைக் கடிதம் ஒன்றுதான் துணை, எனக்கும் அப்படித்தான். கொழும்பில் தங்கும் வெளியூர்த் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும்; கடிதத்தைக் காட்டித்தான் அவள் பதிந்தாள். கடிதம் போனால் அறை வாடகைக்குக் கொடுத்தவள் அன்றைக்கே பெட்டியை வெளியில் வைப்பாள்.

அந்தச் சித்திரையில் மலிவு மேசைகளின் விதியைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போகிறவருக்கு வெற்றி; முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும், பத்தோ பத்தாக எண்ணும் ராஜாவோ சேர்ந்தால் பிளாக்ஜாக். அதற்கு ஐந்நூறு வைத்தவனுக்கு எழுநூற்றைம்பது கொடுத்தோம், இரண்டுக்கு மூன்று. இனி அறுநூறுதான், ஐந்துக்கு ஆறு. இலக்கம் பெரிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட மடையர்களும் உண்டு! ஏஸோடு பதினேழு வந்தால் முன்பு சீட்டுப் போடுகிறவர் நிற்பார். இனி இன்னொன்று இழுக்க வேண்டும். கைவிடுவதையும் எடுத்துவிட்டார்கள். மோசமான சீட்டு வந்தவன் பாதிப் பணத்தை விட்டு மீதியோடு தப்பலாம் என்பதுதான் அது. நன்றாக விளையாடுகிறவனிடமே நூற்றுக்கு அரை ரூபாய் எடுத்த கசினோவுக்கு இப்போது இரண்டு ரூபாய்க்கு மேல். மேசை மூலையில் புதிய விதியைச் சின்ன எழுத்தில் எழுதி ஓர் அட்டை வைத்தார்கள். கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வாய் திறக்காதீர்கள் என்பது மனேஜரின் கட்டளை.

முதல் வாரமே புஸ்பம் மாட்டிக்கொண்டாள். மண்டூர்க் கந்தப்போடியார் வட்டை நெல்வயலையும் மாட்டையும் விட்டு ஓடிவந்து கொழும்பில் மகள் வீட்டில் இருந்த மனிதர். பின்னேரங்களில் ஊர்ப் பேச்சுக் கேட்க அவளுடைய மேசைக்கு வருவார். அன்று அவருக்குப் பதினாறு. அவளுடைய திறந்த சீட்டு பத்து. இழுத்தாலும் நின்றாலும் நாலில் மூன்று தரம் தோல்வி. அவர் வழமைபோல, கைவிடுகிறேன் என்று பணத்துக்குப் பின்னால் விரலால் கோடு கிழித்தார். அவளுடைய கை ஆறு வருடப் பழக்கத்தில் பாதியை எடுத்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தது. பின்னால் நின்ற எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

மேலே கமராவில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. "இவளும் கிழவரும் ஒரே பக்கத்து ஆட்கள். இது கள்ளக் கூட்டு," என்று மனேஜர் குதித்தார். கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கச் சொன்னார். புஸ்பம் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மற்ற மேசைகளின் வீடியோவையும் போடுங்கள், சேர்," என்றேன்.

போட்டார்கள். அந்த வாரத்தில் பதினொரு தரம் அதே பிழை. எல்லாம் வேறு வேறு கைகள், மனேஜரின் மருமகனுடையதும் சேர்த்து. மனுஷன் இருமிக்கொண்டு எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கைத் தாள் நீட்டினார். இன்னொரு பிழை என்றால் வீட்டுக்கு அனுப்புவேன் என்பதை மட்டும் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் கந்தப்போடியார் வந்து இருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் அவருக்கு ஏஸும் ராஜாவும் விழுந்தன. புஸ்பம் அறுநூறு எண்ணி வைத்தாள். அவர் அதை எண்ணாமலே சிரித்துக்கொண்டு அடுத்த ஐந்நூறைத் தள்ளினார். அவள் சீட்டுப் போடவில்லை.

"பெரியப்பா, எண்ணிப் பாருங்க."

"என்னத்துக்குப் புள்ள? நீ எனக்குக் குறைச்சா தரப் போறாய்?"

"ஓம், குறைச்சுத்தான் தந்தன். முந்தி எழுநூற்றைம்பது. இப்ப இந்த மேசையில அறுநூறுதான். கைவிடவும் ஏலாது. பேச்சுக் கேக்க வாறீங்க, அதுக்கு இவங்க உங்களை உரிக்கிறாங்க. எழும்புங்க, வீட்டை போங்க."

அடி பாவி! அவர் கேட்கவே இல்லையே! கிழவர் காசுச் சில்லுகளைப் பொறுக்கி எழும்பினார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அட்டையைக் குனிந்து வாசித்துவிட்டு அவருக்குப் பின்னால் போனார்கள். வெறும் மேசைக்கு முன்னால் புஸ்பம் கைகளை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பக்கத்துத் தூணில் தொங்கிய போன் அடித்தது. மனேஜர். என்ன சொல்லி மூன்று பேரை எழுப்பினாள் என்று கேட்டார். கமராவில் படம் உண்டு, சத்தம் இல்லை.

"கிழவர் விதியைக் கேட்டார், சேர். நான்தான் சொல்லச் சொன்னேன்."

மனேஜர் மெதுவாகக் கேட்டார்: "நீயும் அந்தப் பக்கம்தானே? உன்னுடைய கடிதம் எப்போது முடிகிறது?"

"இந்த மாதம், சேர்," என்றேன்.