தட்டில் கிடந்த இரண்டு முனைகள்

என் மகள் மைக்கை உடைத்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. ஊர் என்றால் சர்ச் பாடல்குழு, பாட்டு டீச்சர், என் தம்பி. அதற்கு மேல் எங்களுக்கு ஊர் ஏது?

நானும் தம்பியும் கொட்டகலையில் மைக்செட் வாடகைக்கு விடுகிற சின்ன சவுண்ட்ஸ் ஒன்று வைத்திருக்கிறோம். பெட்டி தூக்குவதும் ஆளோடு பேசுவதும் அவன் பொறுப்பு. வயர் வேலை என்னுடையது. ஈயம் பற்றவைக்க எனக்குக் கை நடுங்காது, அவனுக்கு நடுங்கும். சர்ச்சுக்கு வருஷம் முழுக்க எங்கள் செட்டுதான்.

அந்தத் தடவை டீச்சர் கண்டியில் தெரிந்தவர்களிடம் கெஞ்சி ஒரு கண்டென்சர் மைக் இரவல் வாங்கி வந்திருந்தார். கையில் பிடித்துப் பாடுகிற சாதாரண மைக்குக் கரண்ட் வேண்டாம். இதற்கு வேண்டும். மிக்ஸரிலிருந்து கேபிள் வழியாகவே அந்தக் கரண்ட் போகும். அதற்கு இரண்டு பக்கமும் மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிள் தேவை. எங்களிடம் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் ஒரு பக்கம் ஜாக் போட்டது, அதில் இந்தக் கரண்ட் போகாது.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் என் மகளின் கால் ஸ்டேண்டில் பட்டது. ஸ்டேண்ட் சாய்ந்தது. விழுவதற்குள் அவளே பிடித்துவிட்டாளாம். அதற்குப் பிறகு மைக்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தனியாகப் பாட இருந்தவள் அவள். டீச்சர் பாட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

"கீழ விழலம்மா. நான் புடிச்சிட்டேன்," என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"பொறு, பாப்போம்," என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் தேயிலை மலையில் கொழுந்து பறித்துவிட்டு இறங்கி வந்ததும் கேபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் மேசை ஈரத்தில் ஊறி உப்பியது. அதனால் பெரிய எவர்சில்வர் தட்டை வைத்து அதன் மேல்தான் வேலை செய்வேன். ஈயத்துளி விழுந்தாலும் சுரண்டி எடுத்துவிடலாம். கேபிளின் இரண்டு முனைகளையும் தட்டில் வைத்தேன். ஒரு பேட்டரி, ஒரு பஸர், கிளிப் போட்ட இரண்டு வயர், இதுதான் என் டெஸ்டர். கம்பி அறுபடாமல் இருந்தால் கத்தும், அறுந்திருந்தால் கத்தாது. பொய் சொல்லத் தெரியாத சாமான் என்று அதை நம்பியிருந்தேன்.

ஒரு முனையின் இரண்டாம் பின்னில் ஒரு கிளிப், மறுமுனையின் இரண்டாம் துளையில் ஊசியைச் செருகி அதில் மற்ற கிளிப். கத்தியது. மூன்றாவதும் கத்தியது. கேபிளுக்குள் அந்த இரண்டு கம்பியையும் சுற்றியிருக்கும் கம்பி வலையோடு சேர்ந்த ஒன்றாம் பின்னும் கத்தியது. ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை.

தம்பி சாதாரண மைக் ஒன்றை அதே கேபிளில் மாட்டிப் பேசினான். பேசியது. "கேபிளு நல்லாத்தான் இருக்குக்கா. மைக்கு போச்சு," என்றான்.

சாதாரண மைக் பேசுகிறது. பஸர் மூன்று தடவையும் கத்துகிறது. அப்படியென்றால் மைக்தான் போயிருக்க வேண்டும். மைக் போயிருந்தால் இவள் பிடித்தேன் என்று சொன்னது பொய். ஆனால் இவள் பொய் சொல்கிறவள் இல்லையே. மறுபடி பார்த்தேன், மறுபடி கத்தியது. ஒவ்வொரு தடவை அது கத்தும்போதும் என் பிள்ளையைத்தான் காட்டிக்கொடுக்கிறது என்று பயமாக இருந்தது. பிறகு அது கோபமாக மாறியது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது.

"இங்க வாடி," என்று கூப்பிட்டேன். "விழுந்துச்சுன்னா விழுந்துச்சுன்னு சொல்லிரு. இரவல் சாமான். நாளைக்கு டீச்சரு மூஞ்சில நான் எப்புடி முழிக்கிறது?"

"விழலம்மா."

"அப்ப இது என்ன சொல்லுது? நல்லாக் கேளு," என்று ஒன்றாம் பின்னில் கிளிப்போடு கத்திக்கொண்டிருந்த முனையைத் தட்டிலிருந்து தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

சத்தம் நின்றுவிட்டது.

கிளிப் கழன்றதோ என்று பார்த்தேன். கழலவில்லை. தட்டில் வைத்தேன். கத்தியது. தூக்கினேன். நின்றது. பேட்டரி போய்விட்டது என்றான் தம்பி. பேட்டரியை மாற்றினோம். அதேதான். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். பேய் பிடித்த மாதிரி இருந்தது. கடைசியில் இரண்டு கிளிப்பையும் கேபிளிலிருந்து கழற்றித் தட்டின் இரண்டு ஓரத்தில் வைத்தேன். தட்டே கத்தியது.

அப்போதுதான் விளங்கியது. முன்பு ஒரு தடவை இரைச்சல் வருகிறது என்று தம்பி இரண்டு முனையிலும் ஒன்றாம் பின்னை வெளி இரும்புக் கூட்டோடு சேர்த்துவிட்டிருந்தான். கூடுகள் இரண்டும் தட்டில் பட்டுக்கொண்டிருந்தன. கேபிளுக்குள் வலை அறுந்திருந்தாலும் தட்டு வழியாகச் சுற்றிப் போய் பஸர் கத்தும். சாதாரண மைக்குக் குரல் போக இரண்டாம், மூன்றாம் கம்பி போதும். கண்டென்சருக்குப் போன கரண்ட் திரும்பி வர ஒன்றாவது இல்லாமல் முடியாது.

முனைகளைத் தட்டிலிருந்து எடுத்து இரண்டு மர ஸ்டூல்களில் வைத்தேன். கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே வந்தேன். மைக் மாட்டுகிற முனைக்குப் பக்கத்தில் மட்டும் கிர்க், கிர்க் என்று விட்டு விட்டுக் கத்தியது. கழற்றிப் பார்த்தால், கேபிளை இறுக்கிப் பிடிக்கிற இடத்தில் வலை அறுந்து கிடந்தது. முக்கால்வாசி இழைகள் பச்சை பிடித்துக் கறுத்திருந்தன, பழைய அறுப்பு. மூன்று நாலு இழை மட்டும் பளபளப்பாக, புதிதாக அறுந்திருந்தது. அப்படியென்றால் ஸ்டேண்ட் சாய்ந்தபோது இழுபட்டு அந்தக் கடைசி இழைகள் அறுந்திருக்குமோ? இவள் செய்தாளா, செய்யவில்லையா? எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். உறையை உரித்து, வலையை முறுக்கி ஈயம் தடவி ஒன்றாம் பின்னில் வைத்தேன். சிவப்பை இரண்டில், வெள்ளையை மூன்றில். பார்த்தால் முனையின் பின்பக்க மூடி மேசையில் கிடக்கிறது. அதை முதலில் கேபிளில் கோர்த்திருக்க வேண்டும். தம்பி சிரித்தான். "வாய மூடு," என்று மூன்றையும் திரும்பக் கழற்றி, மூடியைக் கோர்த்து, திரும்பப் பற்றவைத்தேன். இந்தத் தடவை ஆட்டினாலும் வளைத்தாலும் மூன்றும் கத்தின. சர்ச்சிலிருந்து தம்பி கொண்டு வந்திருந்த கண்டென்சரை மாட்டினோம். அறைக்குள் நாங்கள் மூச்சு விடுவதுகூட ஸ்பீக்கரில் கேட்டது.

மைக்குக்கு ஒன்றுமில்லை, எங்கள் கேபிள்தான் அறுந்திருந்தது என்று டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அய்யோ, பாவம்ங்க, பிள்ளைய ஏசிப்புட்டேனே. நாளைக்கு அவளே பாடட்டுங்க," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப் போய் மகளிடம் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து வெட்டிப் போட்ட கேபிள் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயர்ல மாட்டுன நம்ம மைக்க தொட்டா உர்ருங்குதுன்னு நான் போன மாசமே சொன்னேன்லம்மா. கரண்டு கோளாறுன்னு மாமா சொன்னாங்க, நீங்களும் ஆமான்னீங்க. புடிச்சிட்டேன்னு சொன்னேன், அதுவும் கேக்கல. அது கத்துனப்ப நான் பொய்யி. கத்தாம நின்னதும் நான் நெசம். நான் வாயத் தொறந்து சொன்னது மட்டும் ஒங்களுக்குக் கேக்கவே இல்லையாம்மா?"

ஸ்டூலில் போட்டிருந்த டெஸ்டரின் கிளிப்புகள் ஒன்றோடொன்று பட்டுப் பஸர் கத்திக்கொண்டிருந்தது. கிளிப்புகளைப் பிரித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.